பத்து சதவீதம் ராயல்டி என்றால் எதில் பத்து சதவீதம்?

(திரையில்: ஒரு புத்தகத்தின் பின்னட்டை. விலை ரூ. 300.)

வணக்கம். முதல் புத்தகம் வெளிவரப்போகும் எழுத்தாளர்கள் பலர் "ராயல்டி பத்து சதவீதம்னு பேசியாச்சு" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். எதில் பத்து சதவீதம் என்று கேட்டால்தான் தயங்குவார்கள். இந்த வீடியோ அந்த ஒரு கேள்விக்காக.

பின்னட்டையில் 300 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது. வாசகர் கடையில் கொடுப்பது அந்த 300. ஆனால் பதிப்பாளர் கைக்கு 300 வருவதில்லை. கடைக்காரருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். இங்கே 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 105 ரூபாய் கடைக்காரருக்கு, 195 ரூபாய் பதிப்பாளருக்கு.

(திரையில்: 300 − 105 = 195)

இப்போது பத்து சதவீதத்தை இரண்டு இடங்களில் போடலாம். அட்டை விலையில் போட்டால், 300-இல் பத்து சதவீதம், பிரதிக்கு 30 ரூபாய். பதிப்பாளருக்கு வந்து சேர்ந்த தொகையில், அதாவது நிகர வரவில் போட்டால், 195-இல் பத்து சதவீதம், 19 ரூபாய் 50 காசு. ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் "10%" என்றே இருக்கும். ஆனால் இரண்டாவது, அட்டை விலைக்கு ஆறரை சதவீதம்தான். 35 சதவீதக் கழிவில் நிகர வரவிலிருந்து அதே 30 ரூபாய் வர வேண்டுமென்றால், 15 சதவீதத்துக்கும் சற்று மேலே கேட்க வேண்டும்.

பதிப்பாளர் பக்கமும் பார்த்துவிடுவோம், அது நியாயம். அச்சு, தாள், வடிவமைப்பு எல்லாம் சேர்த்துப் பிரதிக்கு 90 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். 195-இல் அந்த 90-ஐயும் ராயல்டி 30-ஐயும் கழித்தால் 75 ரூபாய் மிச்சம். சம்பளம், கிடங்கு வாடகை, லாரி செலவு, விற்காமல் தங்கும் பிரதிகள், எல்லாம் இந்த 75-க்குள்தான். ஒரு பெரிய விநியோகஸ்தர் 50 சதவீதம் கழிவு கேட்டால் வரவு 150 ஆகிவிடும். மிச்சம் 30-க்கு இறங்கிவிடும். எழுத்தாளரின் 30 மட்டும் அப்படியே நிற்கும். பதிப்பாளர்கள் சிலர் நிகர வரவுக் கணக்கைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு நடுவழி ஒன்று உண்டு. சாதாரண விற்பனைக்கு அட்டை விலையில் பத்து சதவீதம். கழிவு 50 சதவீதத்தைத் தொட்டால் அந்தப் பிரதிகளுக்கு மட்டும் நிகர வரவில் கணக்கு. எனக்கு இது இருவருக்கும் நேர்மையான ஏற்பாடாகத் தெரிகிறது. எந்தக் கழிவில் கணக்கு மாறும் என்ற எண் மட்டும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

(திரையில்: ஒரு வருட ராயல்டி கணக்கு.)

சரி, வருடக் கடைசியில் கணக்கு வருகிறது. நம் புத்தகம் கடைகள் வழியாக 400 பிரதி போயிருக்கிறது. புத்தகக் கண்காட்சியில் வாசகருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடியோடு பதிப்பாளரே 200 பிரதி விற்றிருக்கிறார். கடை வரவு 78,000 ரூபாய். கண்காட்சியில் பிரதிக்கு 270 வீதம் 54,000. மொத்தம் 1,32,000. நிகர வரவு என்றால் ராயல்டி 13,200 ரூபாய். அட்டை விலை என்றால் 600 பிரதிக்கு 18,000. வித்தியாசம் 4,800.

பல கணக்குகளில் இந்த விவரம் எதுவும் இருக்காது. "600 பிரதிகள், ராயல்டி 13,200" என்று ஒரே வரிதான் வரும். அப்போது தொகையைப் பிரதிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 13,200-ஐ 600-ஆல் வகுத்தால் 22. அட்டை விலையில் பத்து சதவீதம் என்றால் 30 வந்திருக்க வேண்டும். 22 வந்தால், ஒன்று நிகர வரவில் போட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் ஏதோ பிடித்தம் நடந்திருக்கிறது. உடனே சண்டைக்குப் போக வேண்டாம். கடையில் எத்தனை, கண்காட்சியில் எத்தனை, எந்தக் கழிவில் போனது, திரும்பி வந்த பிரதி எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். மதிப்புரைக்கும் உங்களுக்கும் இலவசமாகக் கொடுத்த பிரதிகளுக்குப் பொதுவாக ராயல்டி கிடையாது. அவை விற்பனை எண்ணிக்கையில் கலந்திருந்தாலும் சராசரி இறங்கிவிடும்.

அப்புறம், நிகர வரவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்றால் அந்தச் சொல்லுக்கு ஒப்பந்தத்திலேயே பொருள் எழுதி வாங்குங்கள். கழிவு போக மிஞ்சும் தொகையா, கூரியர் செலவும் போகவா? பிரதிக்கு 15 ரூபாய் கூரியர் கழித்தால் 195 என்பது 180 ஆகும். உங்கள் பத்து சதவீதம் 18 ரூபாய்.