பெல்ட்டின் எந்த விளிம்பில் இடுப்பு இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். நான் உடை தைப்பவள். பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன். நேராக நின்று ஒரு பக்கமாகச் சாயுங்கள். விலாவுக்குக் கீழே உடம்பு மடிகிற இடத்தில் விரலை வையுங்கள். அதுதான் உங்கள் இயல்பான இடுப்பு. பெரும்பாலானவர்களுக்குத் தொப்புளுக்குச் சற்று மேலே இருக்கும். நாங்கள் டேப்பைச் சுற்றுவது அங்கேதான்.

ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு உங்கள் இடுப்பு அங்கே தெரியும் என்று சொல்ல முடியாது. ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டால் அது மேலே ஏறும், கீழே இறங்கும், சில சமயம் இரண்டு இடுப்பு இருப்பது போலக்கூடத் தெரியும். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கவுனில்.

தைக்கக் கொடுத்தவர் 155 சென்டிமீட்டர் உயரம். தரையிலிருந்து அவருடைய இடுப்பு 97 சென்டிமீட்டரில் இருந்தது. வெளிர் மஞ்சள் துணி, முழங்கால் வரை நீளம். அதற்கு மேல் கட்டுவதற்கு 7 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கரும்பழுப்புத் தோல் பெல்ட்டை அவரே கொண்டுவந்திருந்தார். கவுனின் இடுப்புத் தையல் மிகச் சரியாக 97-இல்தான் விழுந்தது. நானும் பெருமையாகத்தான் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கு கால் இவ்வளவு குட்டையா?" என்றார்.

தையலில் தப்பில்லை. பெல்ட்டை நடுவில் கட்டியிருந்தார். அதன் மேல் விளிம்பு 100.5-இல், கீழ் விளிம்பு 93.5-இல். உடைக்கும் பெல்ட்டுக்கும் நிறம் வேறாக இருக்கும்போது, கண் பெல்ட்டின் நடுவைத் தேடுவதில்லை. மேல் விளிம்பில் உடம்பு முடிந்துவிடுகிறது, கீழ் விளிம்பில்தான் பாவாடைப் பகுதி தொடங்குகிறது. நடுவிலிருக்கும் 7 சென்டிமீட்டர் யாருக்கும் சேராது. ஆக, அவருடைய கால் 97-இலிருந்து தொடங்காமல் 93.5-இலிருந்து தொடங்கியது. மூன்றரை சென்டிமீட்டர் என்றால் கேட்க ஒன்றுமில்லை, குட்டையான உடம்பில் அது பளிச்சென்று தெரியும். மேலேயும் அதே அளவு போய்விட்டது. அதனால் மார்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இடமே இல்லாதது போல இருந்தது.

அகலம் செய்கிற வேலை இதுதான். அகலமான பெல்ட் இடுப்பைச் சிறுத்துக் காட்டும் என்பார்கள். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நல்ல இடைவெளி உள்ளவருக்கு அது உண்மை. அந்த இடைவெளி நான்கு விரல்கூட இல்லாதவருக்கு அதே பெல்ட் மேலே விலாவில் ஏறும், கீழே எலும்பில் முட்டும். உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்: மேல் விளிம்பு குத்தும்.

அடுத்த முறை அவருக்கு இரண்டரை சென்டிமீட்டர் பெல்ட் கட்டினேன், அதே கரும்பழுப்பில். நடுவில் இல்லை, கீழ் விளிம்பு 97-ஐத் தொடுகிற மாதிரி. முந்தைய கால் அளவோடு ஒப்பிட்டால் மூன்றரை சென்டிமீட்டர் லாபம். கவுனில் ஒரு தையல்கூடப் பிரிக்கவில்லை.

மேலாடையும் கீழாடையும் தனித்தனி நிறமாக இருந்தால் கணக்கு இன்னும் வேடிக்கையானது. கறுப்புப் பேன்ட்டுக்குக் கறுப்பு பெல்ட் கட்டினால், பெல்ட் முழுவதும் காலோடு சேர்ந்துவிடும். இடுப்பு மேல் விளிம்புக்கு ஏறிவிடும். அதே பெல்ட் சட்டையின் நிறத்தில் இருந்தால் உடம்பு நீளும், இடுப்பு கீழ் விளிம்புக்கு இறங்கும். நீளமான கால், குட்டையான உடல் உள்ளவருக்கு இரண்டாவது நல்லது. எல்லோரும் கால் நீளத்தையே விரும்புகிறார்கள் என்பதால் இதை யாரும் கேட்பதில்லை. 1920-களில் பெண்களின் கவுன்களில் பெல்ட்டை இடுப்பெலும்பு வரை இறக்கிக் கட்டினார்கள். அன்று நீண்ட உடல்தான் அழகு.

சரி, அந்தப் பழைய 7 சென்டிமீட்டர் பெல்ட்டுக்கு வருவோம். அதில் இன்னொரு கோளாறும் இருந்தது, அது பொருளால் வந்தது. உடம்பு குழாய் இல்லை. இடுப்பிலிருந்து கீழே போகப் போக விரியும். கடினமான தோலை நேர்கோட்டில் வெட்டினால் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் ஒரே நீளம். ஆனால் உடம்பின் சுற்றளவு இரண்டு இடத்திலும் வேறு. அதனால் கீழே இறுகும், மேலே வாய் திறந்து நிற்கும். தோல் வளைய மறுப்பதால் நாலு அடி நடந்ததும் பெல்ட் தனக்குப் பொருந்துகிற சிறிய சுற்றளவைத் தேடி மேலே நகரும். கவுனின் தையலோ இருந்த இடத்திலேயே இருக்கும். பெல்ட்டுக்குக் கீழே அந்தத் தையல் எட்டிப் பார்த்தால் இரண்டு இடுப்பு. இதற்குத்தான் பக்கத் தையல்களில் நூலால் சின்ன லூப் வைக்கிறோம். அகலமான பெல்ட் என்றால் வளைத்து வெட்டியதைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன். அதை மேசையில் விரித்தால் லேசாக வில் போல வளைந்து கிடக்கும்.

மெல்லிய துணிப் பட்டையின் குணம் நேரெதிர். 7 சென்டிமீட்டர் துணியைக் கட்டினாலும் அரை மணி நேரத்தில் சுருங்கி மூன்றாகிவிடும். அகலம் வேண்டுமென்றால் உள்ளே பக்ரம் என்கிற விறைப்பான துணியை ஒட்ட வேண்டும். எலாஸ்டிக் பெல்ட் எங்கும் வழுக்காது, உண்மைதான், ஆனால் அது துணியையும் சேர்த்து நெரிக்கும். மேலே ஒரு சுருக்கு, கீழே ஒரு சுருக்கு. கண்ணுக்கு இடுப்பைவிடச் சுருக்குதான் முதலில் தெரியும்.

சிலர் பெல்ட்டைக் கட்டிவிட்டு, துணியை மேலே இழுத்து அதன்மேல் புடைத்து விழ விடுவார்கள். அப்போது இடுப்பு பெல்ட்டில் இருக்காது, அந்த மடிப்பின் அடியில் இருக்கும். நான்கு சென்டிமீட்டர் இழுத்தால் துணி இரண்டாக மடிந்து இரண்டு சென்டிமீட்டர் கீழே தொங்கும், அடிவிளிம்போ முழுதாக நான்கும் ஏறிவிடும். அதனால் உடை தைக்கும்போதே நீளத்தில் அந்த நான்கைச் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

பக்கிளைப் பற்றி இவ்வளவுதான். கனமான உலோகப் பக்கிள் மென்மையான பட்டையில் மாட்டினால் முன்பக்கம் தொங்கும், பின்பக்கம் மேலேறும். பக்கவாட்டில் நின்று கண்ணாடியைப் பார்த்தால் கோடு முன்னே சரிந்திருப்பது தெரியும். பட்டையைவிட உயரமான பக்கிள் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருந்தால், கண் அதன் அடியில் போய் நிற்கும். நடுவில் மட்டும் இடுப்பு இறங்கிவிட்ட மாதிரி. துணி போர்த்திய பக்கிள் அந்தத் தொல்லை எதுவும் தராது. பெல்ட்டை வாங்கும்போது நடு ஓட்டையில் மாட்டிப் பாருங்கள், அளவு அங்கேதான் சரியாக இருக்க வேண்டும். கடைசி ஓட்டைவரை இறுக்கி மாட்டினால் மிச்சமாகும் வால் நீளமாகத் தொங்கி, நீங்கள் கஷ்டப்பட்டுப் போட்ட கிடைக்கோட்டை அறுத்துவிடும்.

அந்த வெளிர் மஞ்சள் கவுன்காரர் இரண்டரை சென்டிமீட்டர் பெல்ட்டோடுதான் போனார். 7 சென்டிமீட்டர் பெல்ட்டை என்ன செய்தார் என்று கேட்டேன். ஒரு நீளமான குர்தாவின் மேல், இடுப்பெலும்பில் தளர்வாகக் கட்டுகிறாராம். அங்கே அது நன்றாகவே உட்காருகிறது.

நன்றி, வணக்கம்.