கையெழுத்துக்கு முன் தமிழில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களே, கல்யாண மண்டபத்தையே திறந்துவிட்ட ஊராட்சித் தலைவர் அவர்களே, துபாயிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் அண்ணன்மார்களே, விமானம் ஏறக் காத்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

ஒப்பந்தம், சம்பளம், உதவி எண் என்று மூன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்றையும் ஒரே பழமொழியில் அடக்கலாம்: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

கறம்பக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர். சென்ட்ரிங் வேலையில் கெட்டிக்காரர். மாதம் 1,200 திர்ஹம் என்று ஏஜென்ட் சொன்னார். தேநீர்க் கடை வாசலில், பைக் சீட்டின் மேல் தாளை விரித்து, "இங்க போடு, அப்புறம் இங்க போடு" என்று விரலை வைத்துக் காட்டினார். தாளில் இருந்ததெல்லாம் அரபியும் ஆங்கிலமும். தம்பியின் அம்மா பக்கத்தில் நின்று, "நல்லாப் படிச்சுப் பாருப்பா" என்றார். "எல்லாம் சரிதான், நேரமாகுது" என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினார். தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

துபாயில் மாதாமாதம் 1,200 சரியாகவே வந்தது. இரண்டு வருடம் முடிந்து ஊர் திரும்பும்போதுதான் விஷயம் தெரிந்தது. பணிக்கொடை 1,680 வரும் என்று எண்ணியிருந்தார்; கையில் கிடைத்தது 840. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 600தான், மீதி 600 படித்தொகை. அங்கே முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்தான் பணிக்கொடை. 600ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 20. 21 நாளுக்கு 420. இரண்டு வருடத்துக்கு 840. ஓவர்டைம் கணக்கும் அதே அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். கம்பெனி சட்டத்தை மீறவில்லை, தாளில் இருந்ததைத்தான் கொடுத்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டதால் வந்த நட்டம் அது.

ஆகவே மொத்தச் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள், "பேசிக் எவ்வளவு?" என்று கேளுங்கள்.

இங்கேதான் நான் ஊர் ஊராகச் சொல்லிவரும் கோரிக்கை வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் வேலை வாய்ப்புக் கடிதத்தை அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் தருவதற்கு 2016 முதல் ஏற்பாடு இருக்கிறது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. நம் ஆட்கள் கேட்பதில்லை, ஏஜென்ட்டுகளும் சொல்வதில்லை. ஆட்சியர் அவர்களே, தமிழ்ப் படி இல்லாமல் இந்த மாவட்டத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஓர் அறிவிப்புப் பலகையைப் பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுதித்தரும் கடைகளில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே போனபின் வேறு ஒப்பந்தத்தை நீட்டினால், முதல் கடிதத்தின் தமிழ்ப் படிதான் உங்கள் சாட்சி. அதைப் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள்.

உதவி எண்ணுக்கு நேரம் போதவில்லை. அமீரகத்தில் இந்தியர்களுக்கான இலவச எண் 800 46342. இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை emigrate.gov.in தளத்தில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.