அடிக்கோடு சேராத அட்டவணை

அனைவருக்கும் வணக்கம். ஆட்டக் கோட்பாட்டு வகுப்பில், இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் யார் எதைத் தேர்ந்தெடுத்தால் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று காட்டும் பலன் அட்டவணையைக் கையில் கொடுத்தால், மாணவர்கள் முதலில் தேடுவது ஆதிக்க உத்தியைத்தான். எதிராளி என்ன செய்தாலும் எனக்கு இதுதான் நல்லது என்று சொல்ல முடிகிற வரிசை ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் பேனாவை வைத்துவிடுகிறார்கள். நான் பேச வந்தது அந்த இடத்திலிருந்துதான்.

1950-இல் கணிதவியலாளர் ஜான் நாஷ் சொன்ன சமநிலை என்பது இதுதான்: நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள், நானும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். இப்போது நான் மட்டும் தனியாக மாறினால் எனக்கு லாபமில்லை; நீங்கள் மட்டும் தனியாக மாறினால் உங்களுக்கும் லாபமில்லை. அவ்வளவுதான். இதில் ஆதிக்க உத்தி என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சாலையை எடுத்துக்கொள்வோம். எதிரெதிரே வரும் இரண்டு ஓட்டுநர்கள். இருவரும் தத்தம் இடப்பக்கம் போனால் ஆளுக்கு 1, இருவரும் வலப்பக்கம் போனாலும் ஆளுக்கு 1, ஆளுக்கொரு பக்கம் போனால் இருவருக்கும் 0. கிடைவரிசை என் தேர்வு, நெடுவரிசை எதிராளியின் தேர்வு; ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண் என்னுடையது, இரண்டாவது அவருடையது.

| | இடம் | வலம் |
|---|---|---|
| இடம் | 1, 1 | 0, 0 |
| வலம் | 0, 0 | 1, 1 |

எதிரே வருபவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எனக்கு எது நல்லது என்று சொல்லவே முடியாது. ஆதிக்க உத்தி இல்லை. சரி, அப்படியானால் எதிராளியின் ஒவ்வொரு தேர்வுக்கும் என் சிறந்த பதில் எது என்று தனித்தனியாகக் கேளுங்கள். வலது நெடுவரிசையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய நெடுவரிசையில் மேலிருந்து கீழாக என் எண்களை மட்டும் பார்த்து, பெரியதற்கு அடிக்கோடு போடுங்கள். அடுத்த நெடுவரிசைக்கும் அதேபோல. அப்புறம் எதிராளியின் முறை: ஒவ்வொரு கிடைவரிசையிலும் இடமிருந்து வலமாக அவருடைய எண்களை மட்டும் பார்த்து, பெரியதற்கு அடிக்கோடு. எந்தக் கட்டத்தில் இரண்டு எண்களுக்கும் கோடு விழுகிறதோ, அது சமநிலை. தேர்வுத்தாளில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். கிடைவரிசையைத் தேர்ந்தெடுப்பவர் தன் எண்களை மேலிருந்து கீழாக ஒப்பிட வேண்டும். பலர் குறுக்கே ஒப்பிட்டுவிடுகிறார்கள்.

சாலை ஆட்டத்தில் இரண்டு கட்டங்களில் கோடு விழும். இரண்டுமே சமநிலை. சுவீடன் அந்த ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிய நாடு. அங்கே இடப்பக்கம்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1955-இல் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையானோர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் அரசு 1967 செப்டம்பர் 3 காலை 5 மணிக்கு நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் வலப்பக்கம் மாற்றியது. ஒரே நேரத்தில் என்பதுதான் விஷயம். தனி ஆளாக மாறுகிறவர் 1-லிருந்து 0-க்குப் போவார்; அதனால் யாரும் தானாக மாறப்போவதில்லை.

இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். பலன்கள் தற்செயலாகச் சமமாகிவிடும் சில விதிவிலக்கான அட்டவணைகளைத் தவிர, சமநிலைகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை என்று 1971-இல் பொருளியலாளர் ராபர்ட் வில்சன் காட்டினார். இரண்டு கிடைத்தால் மூன்றாவது ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். இங்கே அது, இருவரும் நாணயம் சுண்டியதுபோலப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் இடமோ வலமோ போவது.

கோடே சேராத அட்டவணையும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: கால்பந்தில் பெனால்டி உதை. இக்னாசியோ பலாசியோஸ்-உவெர்த்தா என்ற பொருளியலாளர் 1995 முதல் 2000 வரை ஐரோப்பியத் தொழில்முறை ஆட்டங்களில் அடிக்கப்பட்ட 1417 பெனால்டிகளை எடுத்து, 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வலக்காலால் அடிப்பவருக்கு அவருடைய இடப்பக்கம்தான் இயல்பான பக்கம், இடக்காலுக்கு நேர்மாறு. அதை வைத்துப் பக்கங்களை 'இயல்பு', 'மறு' என்று பிரிக்கிறேன். கட்டங்களில் இருப்பது கோல் விழும் சதவீதம், முழு எண்ணாக்கியது. கிடைவரிசை உதைப்பவர், நெடுவரிசை கோல்கீப்பர் பாயும் பக்கம்.

| | மறு | இயல்பு |
|---|---|---|
| மறு | 58 | 95 |
| இயல்பு | 93 | 70 |

கோல்கீப்பருக்கு வேண்டியது சிறிய எண். கோடு போட்டுப் பாருங்கள்: உதைப்பவரின் கோடு 93-க்கும் 95-க்கும் விழும், கீப்பரின் கோடு 58-க்கும் 70-க்கும். எங்கும் சேரவில்லை. எந்தக் கட்டத்தில் நின்றாலும் ஒருவருக்கு மாறத் தோன்றும், அவர் மாறியதும் மற்றவருக்குத் தோன்றும். ஆனால் முடிவான எண்ணிக்கையில் ஆட்களும் தேர்வுகளும் உள்ள எந்த ஆட்டத்திலும் குறைந்தது ஒரு சமநிலை உண்டு என்று நாஷ் நிறுவியிருக்கிறார். அப்படியானால் அது கலப்பு உத்தியில்தான் இருக்க வேண்டும். அதாவது, எந்தப் பக்கம் என்பதை நிகழ்தகவுக்கு விட்டுவிடுவது.

எந்த விகிதத்தில் கலப்பது? கீப்பருக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று ஆகிற விகிதத்தில். ஏதாவது ஒரு பக்கம் அவருக்கு லாபம் என்றால் அவர் எப்போதும் அங்கேயே பாய்வார், உடனே உதைப்பவர் அதற்கு எதிர்ப்பக்கம் அடிப்பார், சமநிலை கலைந்துவிடும். உதைப்பவர் மறுபக்கம் அடிக்கும் நிகழ்தகவை p என்போம். கீப்பர் மறுபக்கம் பாய்ந்தால் கோல் வாய்ப்பு 58p + 93(1−p). இயல்பான பக்கம் பாய்ந்தால் 95p + 70(1−p). இரண்டையும் சமமாக்கினால் 23 = 60p; p சுமார் 38 சதவீதம். இதேபோல, உதைப்பவருக்கு இரண்டு வரிசையும் சமமாகும்படி கீப்பரின் விகிதத்தைக் கணக்கிட்டால் 25/60, அதாவது 42 சதவீதம் மறுபக்கம். சரிபார்க்க: 58 × 0.417 + 95 × 0.583 என்பது 79.6, 93 × 0.417 + 70 × 0.583 என்பதும் 79.6. இரண்டும் ஒத்துவராவிட்டால் கணக்கில் எங்கோ பிழை.

உதைப்பவரின் விகிதத்தைக் கண்டுபிடிக்கக் கீப்பரின் பலனைச் சமமாக்கினோம், இல்லையா? அதனால் ஒரு விசித்திரம் நடக்கும். உதைப்பவர் பயிற்சி செய்து, கீப்பர் ஏமாந்தால் இயல்பான பக்கம் அடிப்பதில் 93-ஐ 97 ஆக்கிக்கொள்கிறார் என்று வையுங்கள். இனி அந்தப் பக்கம் அதிகம் அடிப்பார் என்றுதான் எல்லோரும் நினைப்போம். சமன்பாடு 27 = 64p என்று மாறுகிறது; p 42 சதவீதத்துக்கு ஏறுகிறது. திறமை கூடிய பக்கமே குறைவாகப் பயன்படுகிறது! காரணம் கீப்பர். அவர் அந்தப் பக்கத்தை 58 சதவீதத்துக்குப் பதில் 61 சதவீதம் காக்க ஆரம்பிக்கிறார். பயிற்சி வீண் இல்லை. கோல் வாய்ப்பு 79.6-லிருந்து 80.5-க்கு ஏறுகிறது. ஆனால் அந்த லாபத்தில் ஒரு பங்கு, கீப்பர் காலி செய்த மறுபக்கத்திலிருந்து வருகிறது.

நிஜத்தில் என்ன நடந்தது? உதைப்பவர்கள் மறுபக்கம் அடித்தது சுமார் 40 சதவீதம், கீப்பர்கள் அங்கே பாய்ந்தது சுமார் 42 சதவீதம். நடுவில் அடிப்பதைத் தனி வரிசையாக்காத இந்த எளிய அட்டவணையிலேயே கணக்கு இவ்வளவு நெருங்குகிறது. விகிதம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி அடித்தாலும் பாதிக்குப் பாதி வரும். கீப்பர் இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அதனால் முந்தைய உதையை வைத்து அடுத்ததை ஊகிக்க முடிகிறதா என்றும் பலாசியோஸ்-உவெர்த்தா சோதித்தார். பெரும்பாலான வீரர்களிடம் அப்படி ஒரு தடமும் தெரியவில்லை.