42,000 ரூபாய்க் கடன்: தவணை 24,200-ஆ, 20,000-ஆ?

வணக்கம். மின்விசிறி சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், நிறுத்தினால் இந்த அறையில் உட்கார முடியாது. போன வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: வங்கி கிளார்க் தேர்வில் தவணைக் கணக்கு வந்தால் எங்கே தொடங்குவது? பிரிலிம்ஸில் 35 கணக்குக்கு 20 நிமிடம். ஒரு கணக்குக்கு 35 விநாடிகூட முழுதாகக் கிடைக்காது. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம்.

42,000 ரூபாய் கடன் வாங்குகிறீர்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் கூட்டுவட்டி. இரண்டு சமமான ஆண்டுத் தவணைகளில் அடைக்க வேண்டும். தவணை எவ்வளவு?

நான் படித்த காலத்தில் ஒரு மாதிரித் தேர்வில் இந்த வகைக் கணக்குக்கு யோசிக்காமல் 1.21-ஆல் பெருக்கி, இரண்டால் வகுத்தேன். இங்கே அப்படிச் செய்தால் 50,820, அதில் பாதி 25,410. அந்த எண் விடைகளில் கண்டிப்பாக இருக்கும். நம்மைப் போன்றவர்களுக்காகவே வைப்பார்கள். ஆனால் தவறு. முதல் தவணையை ஓராண்டு முடிந்ததுமே கட்டிவிடுகிறோம். அந்தப் பணத்துக்கு இரண்டாம் ஆண்டில் ஏன் வட்டி கட்ட வேண்டும்?

சரி, எப்படிச் செய்வது? 10 சதவீதம் என்றால் இன்றைய 10 ரூபாய் அடுத்த ஆண்டு 11 ரூபாய். இரண்டு ஆண்டில் 100 ரூபாய் 121 ஆகும். ஆகவே தவணை 121 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்துக் கட்டும் 121-க்கு இன்றைய மதிப்பு 110. இரண்டாண்டு கழித்துக் கட்டும் 121-க்கு இன்றைய மதிப்பு 100. கூட்டினால் 210. அதாவது 210 ரூபாய்க் கடனுக்குத் தவணை 121. நம் கடன் 42,000, அது 210-ஐப் போல் 200 மடங்கு. தவணை 24,200. முடிந்தது.

நம்பிக்கை வரவில்லை என்றால் பாக்கியை ஓட்டிப் பாருங்கள். 42,000-க்கு ஓராண்டு வட்டி 4,200, மொத்தம் 46,200. தவணை போக 22,000. அதற்கு வட்டி 2,200 சேர்த்தால் 24,200. கடைசித் தவணையோடு பாக்கி பூச்சியம். விடைகளை வைத்தே பின்னால் இருந்து சரிபார்ப்பதற்கும் இதே வழிதான்.

20 சதவீதம் என்றால் 5 ரூபாய் 6 ஆகிறது. 55 ரூபாய்க் கடனுக்குத் தவணை 36. இதை நீங்களே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றுகிறேன். "இரண்டு ஆண்டு முடிவில் கொடுக்க வேண்டிய 42,000 ரூபாய்க் கடனை, 10 சதவீதத் தனிவட்டியில், இரண்டு சமமான ஆண்டுத் தவணைகளில் தீர்க்க வேண்டும்." இங்கே 42,000 என்பது இன்று கையில் வாங்கிய பணம் அல்ல, இரண்டு ஆண்டு கழித்து வைக்க வேண்டிய பணம். வட்டி அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் தவணையை ஓராண்டு முன்னதாகக் கட்டுவதால் அது 1.1 மடங்காகக் கணக்கில் வரும். இரண்டாவது அப்படியே. மொத்தம் 2.1 மடங்கு 42,000 என்றால், தவணை 20,000. பார்த்தீர்களா, அதே 42,000, அதே 10 சதவீதம். ஆனால் 4,200 ரூபாய் வித்தியாசம். "வாங்கினார்" என்றால் இன்றைக்குக் கொண்டுவர வேண்டும். "கொடுக்க வேண்டிய" என்றால் கடைசி நாளுக்குக் கொண்டுபோக வேண்டும். ரஃப் ஷீட்டில் எண்ணை எழுதும் முன் இந்தச் சொல்லை வட்டமிடுங்கள்.

கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் கேட்டால் பெரிய சூத்திரம் வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு அது முதல் ஆண்டு வட்டிக்கு வந்த வட்டி மட்டும்தான். 42,000-க்கு முதல் ஆண்டு வட்டி 4,200, அதில் 10 சதவீதம், 420.

அப்புறம் லாப நட்டம். அங்கேயும் இதே கோளாறு, நாளுக்குப் பதில் அடக்க விலை. இரண்டு பொருள்களைத் தலா 9,900-க்கு விற்கிறார் ஒருவர். ஒன்றில் 10 சதவீத லாபம், மற்றதில் 10 சதவீத நட்டம். "சரிக்குச் சரி, லாபமும் இல்லை நட்டமும் இல்லை" என்று கை போகும். ஆனால் சதவீதம் விற்ற விலை மேல் அல்ல, வாங்கிய விலை மேல். முதல் பொருளை 9,000-க்கு வாங்கியிருக்கிறார், இரண்டாவதை 11,000-க்கு. போட்டது 20,000, வந்தது 19,800. 200 ரூபாய், அதாவது 1 சதவீத நட்டம்.

மூன்று தவணை வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 10 சதவீதத்துக்கு 3,310 ரூபாய்க் கடனுக்குத் தவணை 1,331. எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்துக் கீழே எழுதுங்கள். கரண்ட் போகிற மாதிரி இருக்கிறது, நான் நிறுத்துகிறேன்.