கைடு மீது புகார் கொடுத்தால் வைவா என்ன ஆகும்?

"மேடம், சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ப்ராஜெக்ட் கைடு செப்டம்பரிலிருந்து ராத்திரியில் ஒரு மாதிரியான மெசேஜ் அனுப்பினார். ஜனவரி 20 லேபில் தப்பாக நடந்துகொண்டார். எச்.ஓ.டி.யிடம் சொல்லி ஒரு மாதம் ஆச்சு, ஒன்றும் நடக்கவில்லை. இப்போது மார்ச். இனிமேல் புகார் கொடுக்க முடியுமா? கொடுத்தால் என் வைவா என்ன ஆகும்?"

முடியும்மா. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உள் புகார் குழுவுக்கு, அதாவது ஐ.சி.சி.க்கு, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு விதி. தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் எண்ண வேண்டும். உங்களுக்கு அது ஜனவரி 20. ஏப்ரல் 20 வரை நேரம் உண்டு, செப்டம்பர் மெசேஜும் அதே புகாருக்குள் வந்துவிடும். அதையும் தாண்டிவிட்டால், தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை தரலாம். ஆனால் அது குழுவின் முடிவு, அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

எச்.ஓ.டி.யிடம் வாய்விட்டுச் சொன்னது புகாராகாது. நான் வெளி உறுப்பினராக உட்கார்ந்த ஒரு குழுவில் இதைப் பார்த்திருக்கிறேன். "நான் அவரிடம் பேசுகிறேன்" என்ற ஒரு வார்த்தையை நம்பி அந்தப் பெண் நான்கு மாதம் காத்திருந்தாள். எங்கள் முதல் விசாரணை நாள் முழுக்க, தாமதத்தை ஏற்கலாமா என்ற பேச்சிலேயே போனது. எச்.ஓ.டி., டீன் போன்ற பதவியில் இருப்பவர்கள் ஐ.சி.சி.யில் உறுப்பினராக இருக்கவே கூடாது. அதே மாதிரி மாணவர் குறைதீர் குழுவிலும் இதைப் போடாதீர்கள். கட்டணம், சான்றிதழ், மதிப்பெண் மாதிரி விஷயங்களுக்கு அது.

கடிதத்தை ஐ.சி.சி. தலைவர் பெயருக்கு எழுதுங்கள். தேதி, இடம், நடந்தது, யார் பார்த்தார்கள் என்று வரிசையாக எழுதினால் போதும். இரண்டு பிரதி எடுத்துப் போய், உங்கள் பிரதியில் தேதியோடு கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். விசாரணைக்கான கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் "ப்ராஜெக்ட் சார்" என்று சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால் பற்றாது, நம்பர் தெரிகிற பக்கத்தையும் எடுங்கள். போனில் எதையும் அழிக்காதீர்கள். இன்னொன்று, புகாரின் நகல் ஏழு நாளுக்குள் அவர் கைக்குப் போகும். ஹாஸ்டல் அறை எண், வீட்டு முகவரி எல்லாம் அதில் வேண்டாம்.

இப்போது வைவா. மார்ச் 3 அன்று கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 10க்குள் நகல் அவருக்குப் போக வேண்டும். கையில் கிடைத்த பத்து நாளில் அவர் பதில் தர வேண்டும். புகார் வந்த 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், அது ஜூன் 1. அறிக்கைக்கு இன்னும் பத்து நாள். அதன்பின் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க 30 நாள். மொத்தத்தில் ஜூலை ஆகிவிடும். உங்கள் வைவா ஏப்ரலிலேயே வந்துவிடுமே! விசாரணை முடிவுக்குக் காத்திருந்தால் அவர்தான் உங்களுக்கு மார்க் போடுவார்.

அதனால் புகாரின் கடைசிப் பத்தியில் இடைக்கால நிவாரணம் கேளுங்கள். பெரும்பாலான மாணவிகள் விடுவது இந்தப் பத்தியைத்தான். "விசாரணை முடியும்வரை என் ப்ராஜெக்ட், இன்டர்னல், வைவா எதையும் அவர் மதிப்பிடக் கூடாது, வேறு கைடை நியமிக்க வேண்டும், அவர் என்னிடமிருந்து விலகியிருக்கும்படி எச்சரிக்க வேண்டும்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். தேவைப்பட்டால் மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். குழு பரிந்துரைத்தால் இதையெல்லாம் கல்லூரி செய்யலாம் என்று விதியிலேயே இருக்கிறது. வகுப்புத் தோழர்களை விட்டு மிரட்டினாலோ, அட்டெண்டன்ஸில் கைவைத்தாலோ, அன்றே தேதியோடு குழுவுக்கு மெயில் போடுங்கள். பழிவாங்கலிலிருந்து உங்களைக் காப்பதும் கல்லூரியின் பொறுப்புதான்.

"நிரூபிக்க முடியாவிட்டால் என்மேல் நடவடிக்கை வருமா" என்றும் பலர் பயப்படுகிறார்கள். ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் புகார்தாரர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. பொய் என்று தெரிந்தே கொடுத்ததாக விசாரணையில் நிரூபணமானால்தான் அந்தப் பேச்சே வரும். உங்கள் பெயரை வெளியே விடவும் கூடாது. சமரசம் வேண்டும் என்று நீங்களாகக் கேட்டால் உண்டு, அதிலும் பணம் கொடுத்து முடிப்பது கூடாது. யாராவது "பேசி முடிச்சுக்கலாம்மா" என்று வந்தால், அப்படி நான் கேட்கவில்லை என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

குழுவின் பரிந்துரை திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். லேபில் நடந்ததற்கு மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். ஐ.சி.சி.யில் புகார் இருப்பது அதற்குத் தடையில்லை.