சிவப்பு வட்டம்

(கோபிசெட்டிபாளையத்தில் இளம் தம்பதியருக்காக நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்திருக்கும் தம்பதியரே, வணக்கம். குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. நான் ஊசி போடுகிறவள் அல்ல. ஊசி போட்டு வீடு திரும்பிய பிறகு நடப்பதைக் கேட்கிறவள். இன்றைக்கு மாதத்தில் ஒரே ஒரு இரவைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

மாதவிலக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் நாளிலிருந்து, முட்டை வளர ஐந்து நாள் மாத்திரை. பத்தாம் நாள் வாக்கில் ஸ்கேன் தொடங்கும். முட்டைப்பை நாளுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். 18, 20 என்று வந்ததும் ஓர் ஊசி. அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வரும். மருத்துவர் சீட்டின் அடியில் எழுதுவார்: ‘இன்றும் நாளையும் சேர்ந்திருக்கவும்.’ வீட்டுக்குள் சிக்கல் நுழைவது இந்த ஒரு வரியால்தான்.

ஒரு தம்பதியைச் சொல்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்; ஊரையும் தொழிலையும் மாற்றியிருக்கிறேன், யாரென்று தேட வேண்டாம். கணவருக்குச் சென்னிமலைப் பக்கம் தறிப்பட்டறை. மனைவி பள்ளி ஆசிரியை. சமையலறையில் மாட்டியிருந்த மாதக் காலண்டரில் அந்த நாள்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுவார். இரண்டே மாதத்தில் மாமியாருக்கும் வட்டத்தின் பொருள் புரிந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் மகனுக்கு ராத்திரியில் பாதாம்பால் வரும். அந்த டம்ளரைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைந்தது என்றார் கணவர்.

மூன்றாம் மாதம் ‘மாமா, இன்றைக்கு நாள்’ என்று மனைவி சொன்னார். அவரால் முடியவில்லை. நான்காம் மாதம் பாவு ஏற்றும் வேலை இருக்கிறது என்று பட்டறையிலேயே படுத்துக்கொண்டார். ‘இத்தனை நாள் ஓடியாடி வளர்த்த முட்டை, இவருக்கு அக்கறையே இல்லை’ என்று மனைவி என்னிடம் அழுதார். அக்கறை இல்லாதவர் அல்ல அவர், பயந்துபோனவர். நாள் குறித்துச் சேர்ந்திருக்கச் சொன்னால் ஆண் உடல் மறுப்பது சிகிச்சையில் அடிக்கடி நடப்பது. ஆணிடம் யாரும் அதை முன்கூட்டிச் சொல்வதில்லை. என் துறையின் மீது எனக்குள்ள பெரிய குறை இது.

மற்ற நாள்களில் எப்படி என்று கணவரிடம் கேட்டேன். விடியற்காலையில் விறைப்பு வருகிறது, வட்டம் இல்லாத நாளில் சிரமமே இல்லை என்றார். அப்படியென்றால் பெரும்பாலும் காரணம் மனப் பதற்றம். எல்லா நாளும் அப்படியே இருந்தால் கதை வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

அவர்களிடம் நான் சொன்னது உடலின் கணக்கு ஒன்றைத்தான். வெளிவந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாளுக்குள். ஆனால் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரைகூடக் காத்திருக்கும். ஆகவே முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஐந்து நாளும் அந்த நாளும் வாய்ப்புள்ளவையே. அந்த வாரம் முழுக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தால் எந்த இரவும் பரீட்சை ஆவதில்லை. ஓர் இரவு தவறினால் மாதமே போய்விட்டது என்று அழவும் வேண்டாம். விந்தணு மிகக் குறைவானவர்களுக்கும், கருக்குழாய் இரண்டும் அடைத்தவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவாது. அவர்களுக்கு வழி வேறு.

காலண்டர் சுவரிலிருந்து இறங்கியது. ஸ்கேன் அளவை மனைவி தன்னிடமே வைத்துக்கொண்டார். எந்த நாள் என்று தனக்குச் சொல்ல வேண்டாம் எனக் கணவரே கேட்டுக்கொண்டார். இது எல்லாருக்கும் பொருந்தாது. சில ஆண்கள் தெரியாமல் இருந்தால்தான் தவித்துப்போவார்கள். கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். சிகிச்சைப் பேச்சுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டார்கள். படுக்கையறையில் அந்தப் பேச்சு கிடையாது. மனைவிக்கு நாளெல்லாம் பேச வேண்டும், கணவருக்கு வாயே திறக்கக் கூடாது. இருபது நிமிடம் இருவருக்குமே பாதி நட்டம்தான். பாதாம்பாலை நிறுத்தும்படி அம்மாவிடம் மகனே பேசினார். அதை மருமகள் சொல்லியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும்.

மருத்துவரிடம் கேட்டு ஒரு மாதம் மாத்திரையும் ஸ்கேனும் இல்லாமல் விட்டார்கள். வயதும் முட்டை இருப்பும் இடம்கொடுத்ததால் அவரும் சம்மதித்தார். அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கொடிவேரி போய்க் குளித்துவிட்டு, கரையில் மீன் வறுவல் வாங்கித் தின்றிருக்கிறார்கள். ‘முள் எடுத்துக் கொடுத்தார்’ என்றார் மனைவி. கல்யாணமான புதிதில் கொடுத்ததாம், இடையில் இரண்டு வருடம் இல்லையாம்.

இன்னும் குழந்தை இல்லை. இப்போது கருப்பைக்குள் விந்தணு செலுத்தும் சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். அதிலும் குறித்த நேரத்துக்கு மாதிரி தர வேண்டும் என்பதால், முடியாமல் போனால் இருக்கட்டும் என்று முன்னதாகவே ஒரு மாதிரியை உறையவைக்கச் சொன்னோம். போன மாதம் அதைத் தொட வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மனைவியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு ஈரோடு பஸ்ஸுக்கு நடந்தார்.