அடுப்படியில் நிற்பவர்

நேயர்களுக்கு வணக்கம். நான் மனநல ஆலோசகர். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். அவர்களில் ஒரு தம்பி கொண்டுவந்த கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

துரைப்பாக்கத்தில் நான்கு அறையும் ஒரே ஒரு சமையலறையும் உள்ள வீடு. ஆண்களும் பெண்களும் தனித்தனி அறைகளில் இருக்கிறார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு இவர் தோசை ஊற்றப் போனால் எதிர் அறைப் பெண் அங்கே நிற்பார். ஒரே ஒரு டம்ளரைப் பத்து நிமிஷம் கழுவுவார். "சாப்பிட்டாச்சா?" என்பார், அப்புறம் ஆபீஸ், ஊர், மழை என்று பேச்சு நீளும். "மேடம், இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். என்ன அர்த்தம் வேண்டும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

சாப்பிட்டாச்சா என்பது நம் ஊரில் வணக்கத்துக்குச் சமம், அதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது என்றேன். பிறகு ஓர் ஆய்வைச் சொன்னேன். 1982இல் அன்டோனியா ஆபி என்ற அமெரிக்க உளவியலாளர், முன்பின் அறியாத ஓர் ஆணையும் பெண்ணையும் ஐந்து நிமிடம் பேசவிட்டார். இன்னோர் ஆணும் பெண்ணும் அதை மறைவிலிருந்து பார்த்தார்கள். அந்தப் பெண் சாதாரணமாகப் பழகியதை, பேசிய ஆணும் சரி, பார்த்த ஆணும் சரி, ஈர்ப்பு என்று கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். பெண்கள் அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. தம்பிக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

சரி, ஒரு வாரம் கவனித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். நீங்கள் இல்லாதபோதும் அவர் அங்கே நிற்கிறாரா, மற்றவர்களிடமும் இப்படித்தான் பேசுகிறாரா என்று பார்க்கச் சொன்னேன். கூடவே, சாப்பிடும் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள் என்றேன்.

திரும்பி வந்தபோது விஷயம் பாதி தெளிந்திருந்தது. அந்தப் பெண்ணின் அறைத்தோழிக்கு விடிகாலை ஷிப்ட். நாலு மணிக்கே கேப் வந்துவிடும் என்பதால் ஒன்பது மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துப் படுத்துவிடுவாராம். வீட்டில் கூடம் என்று ஒன்று கிடையாது. ஆக, அந்தப் பெண் உட்கார்ந்து மூச்சுவிட இருக்கிற ஒரே இடம் அடுப்படிதான். தண்ணீர் கேன் போடுகிற அண்ணன், பாத்திரம் தேய்க்கிற அக்கா என எல்லோரிடமும் இதே மாதிரிதான் பேச்சு. தம்பி பத்தரைக்குப் போனபோது அவர் ஏற்கெனவே பேசி முடித்துத் தூங்கப் போயிருந்தார்.

இந்த நேரம் மாற்றும் சோதனையை நான் பெரிதாக நம்புவதற்குக் காரணம் உண்டு. வேறொரு வீட்டில் ஒரு பெண், அதே வீட்டில் தங்கியிருந்த ஓர் ஆணின் பேச்சு பிடிக்காமல் சமையலைப் பத்தரைக்குத் தள்ளினார். அந்த ஆணும் மூன்றாம் நாளே பத்தரைக்கு வந்து நின்றார். காதில் ஹெட்போன் போட்டாலும், "ம்" என்று மட்டும் பதில் சொன்னாலும் போகவில்லை. பேசும்போது வாசல் நிலையில் சாய்ந்து நிற்பார். இவர் வெளியே போக வேண்டுமென்றால் அவர் நகர வேண்டும். இடத்துக்காக நிற்பவர் இடத்தோடு நின்றுவிடுவார், இது ஆளைத் தொடர்ந்து வருகிற நிற்பு. இதில் நோக்கத்தை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். "எனக்குப் பேச விருப்பமில்லை" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அன்றைக்கே கூட இருப்பவர்களுக்கும் வீட்டு உரிமையாளருக்கும் தெரியப்படுத்துங்கள்.

துரைப்பாக்கத்துக்கு வருகிறேன். தம்பி ஒரு விஷயத்தை விடவில்லை. "எங்க அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன்னு எப்பவோ சொன்னேன் மேடம். ஆபரேஷன் அன்னைக்கு ராத்திரி அவங்களே ஞாபகம் வெச்சு, 'அம்மா எப்படி இருக்காங்க'ன்னு கேட்டாங்க." இது நியாயமான குறிப்பு. எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதைவிட, போன பேச்சிலிருந்து எதை எடுத்துவைத்திருக்கிறார் என்பதில்தான் அக்கறை தெரியும். ஆனால் அக்கறையிலும் பல வகை உண்டு. எந்த வகை என்பதை அடுப்படிக்குள் நின்றுகொண்டே கண்டுபிடிக்க முடியாது. அங்கே இருவரும் எப்படியும் வந்துதான் ஆக வேண்டும், யாரும் தேடி வந்ததாகாது.

அதனால், மறுக்கச் சுலபமான ஓர் அழைப்பு விடுங்கள் என்றேன். அதையும் அடுப்படியில் மடக்கிக் கேட்காமல் செய்தியாக அனுப்புங்கள் என்றேன். "ஞாயித்துக்கிழமை காலையில பெசன்ட் நகர் பீச் பக்கம் காபி குடிக்கப் போறேன், வர்றீங்களா?" என்று அனுப்பியிருக்கிறார். "இந்த வாரம் வேலை இருக்குங்க" என்று பதில் வந்தது.

"அடுத்த வாரம் கேக்கலாமா மேடம்?"

வர விருப்பமுள்ளவர், முடியாதபோது பெரும்பாலும் வேறொரு நாளைத் தானே சொல்வார். இதில் மாற்று நாள் இல்லை. அவரே பேச்செடுத்தால் ஒழிய மறுபடி கேட்காதீர்கள் என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. "பரவாயில்லைங்க" என்று பதில் போட்டுவிட்டு விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அந்தப் பெண் வழக்கம்போல டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாராம். "சாப்பிட்டாச்சா?" என்றாராம். இப்போது இருவரும் ஒரே மாவு பாக்கெட் வாங்கிப் பாதிப் பாதி வைத்துக்கொள்கிறார்கள். வணக்கம்.